‘ஐ ஆம் செக்’: தண்டையார்பேட்டை டேலி கிளார்க் ஒருவரின் ஆங்கில இலக்கணம் - நிகழ்வு ஆய்வு

இவர் மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் டேலி கிளார்க். வயது 44, வீடு தண்டையார்பேட்டை நேதாஜி நகரில். கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் வழியில் படித்து 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் உண்டு, 35 எடுத்தால் பாஸ். இவர் இரண்டிலும் நாற்பதை ஒட்டி எடுத்திருந்தார். 2006-ல் இப்போதைய வேலைக்கு வந்தார். கடந்த வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக்கு இவர் பெயர் வந்தபோது, கம்பெனி ஒரு எழுத்துத் தேர்வை முன்னே வைத்தது. மொத்தம் 60 மதிப்பெண். கோடிட்ட இடம் நிரப்புவதற்கு 20, தப்பான வாக்கியத்தைத் திருத்துவதற்கு 20, யார்டில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி பத்து வரி ரிப்போர்ட் எழுதுவதற்கு 20. பாஸ் மார்க் 36.

என் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் நடுவில் வந்து உட்கார்ந்த இவரை எல்லாரும் ‘டேலி அண்ணா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவரைவிட நான் வயதில் சின்னவள், ஆனாலும் அவர் என்னைக் கடைசி வரை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்.

முதல் நாள் அவர் சொன்னது இது: “மிஸ், கிராமர் எல்லாம் சுத்தமா போச்சு. ஏ, பி, சி, டி-யில இருந்து ஆரம்பிங்க.”

திரும்பப் படிக்க வரும் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அப்படியே நம்பி எட்டு வகைச் சொற்களில் தொடங்கினால் தேர்வுத் தேதிக்குள் பெயர்ச்சொல்லைக்கூடத் தாண்ட முடியாது. எது போயிற்று, எது இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் தொடக்கூடாது. அதற்கு இலக்கணக் கேள்வித்தாள் உதவாது. கோடிட்ட இடத்தில் நாலில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டாலும் கால்வாசி சரியாகிவிடும். அதனால் இரண்டு விஷயம் கேட்டேன். நேற்று ஷிஃப்டில் நடந்ததை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். அப்புறம், அவர் வேலையில் தினமும் எழுதும் டேலி ஷீட் மாதிரி நாலைந்து வரியை நினைவிலிருந்து எழுதிக்காட்டச் சொன்னேன்.

டேலி ஷீட் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. கன்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்கும்போது, பெட்டிகளையும் மூட்டைகளையும் எண்ணி, வந்த பட்டியலோடு ஒத்துப்பார்த்து எழுதும் தாள் அது. கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அண்ணா எழுதியவை இப்படி இருந்தன: ‘சீல் ஓகே’, ‘டூ கார்ட்டன்ஸ் வெட்’, ‘ஒன் பேலட் ப்ரோக்கன்’, ‘த்ரீ பேக்ஸ் டோர்ன்’. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ‘ப்ரோக்’ என்று எழுதாமல் ‘ப்ரோக்கன்’ என்றும், ‘டோர்’ என்று எழுதாமல் ‘டோர்ன்’ என்றும் சரியான வடிவத்தை எழுதியிருந்தார். இந்த ஆங்கிலத்தைப் பதினெட்டு வருஷமாக எழுதிவருகிறார்.

ஐந்து வரியோ இப்படி இருந்தது:

‘யெஸ்டர்டே நைட் ஐ ஆம் செக் ஒன் கன்டெய்னர். த சீல் இஸ் ப்ரோக். டிரைவர் இஸ் டெல் ஹி டோன்ட் நோ. ஐ ஆம் இன்ஃபார்ம்டு டு சூப்பர்வைசர். ஹி டிட் நாட் கேம்.’

இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே நாள். ஒரு தாளில் ‘ப்ரோக்கன்’ என்று எழுதியவர் இன்னொன்றில் ‘இஸ் ப்ரோக்’ என்று எழுதுகிறார். இவருடைய கேஸ் மொத்தமும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஐந்து வரியில் இருக்கும் பிழைகளைத் தனித்தனியாக எண்ணினால் பள்ளி வாத்தியார் சிவப்பு மையில் ஏழெட்டு இடத்தில் சுழித்துவிடுவார். காலம், செயப்பாட்டு வினை, எதிர்மறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடத் தலைப்பும் கிடைக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிற தப்பு: துணைவினையும் அதற்கு அடுத்து வரும் சொல்லும் சேரும் இடம். ஆம், இஸ், டிட் இவற்றுக்குப் பின்னால் வினை எந்த வடிவத்தில் வரவேண்டும் என்பது மட்டும்தான் அவரிடம் இல்லை. டேலி ஷீட்டில் அது வெளியே தெரியவே இல்லை. காரணம், ‘டூ கார்ட்டன்ஸ் வெட்’ என்ற குறிப்பு ஆங்கிலத்தில் துணைவினையே கிடையாது. ‘வேர்’ போடாமலே வேலை நடந்துவிடுகிறது. தமிழிலும் ‘நான் கிளார்க்’, ‘ரெண்டு பெட்டி ஈரம்’ என்றால் முழு வாக்கியம், நடுவில் எதுவும் தேவையில்லை. தாய்மொழியும் கேட்கவில்லை, தொழில் மொழியும் கேட்கவில்லை என்றால் பதினெட்டு வருஷத்தில் அந்த இடம் எப்படி நிரம்பும்?

தேர்வு கேட்பது முழு வாக்கியம். முழு வாக்கியம் எழுத வேண்டும் என்றதும் ஏதோ ஒன்று போடவேண்டும் என்பது மட்டும் அண்ணாவுக்கு ஞாபகம் வருகிறது. உடனே ‘ஆம்’, ‘இஸ்’ வந்து விழுகிறது.

முதலில் ‘ஐ ஆம்’ பிரச்சினை. தமிழ் வழியில் படித்தவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். ‘ஐ’ என்றால் நான், ‘ஆம்’ என்றால் இருக்கிறேன் என்று இரண்டாகப் பதியாமல், ‘ஐ ஆம்’ முழுவதும் சேர்ந்து ‘நான்’ என்று பதிந்திருக்கும். முதல் முதலில் ‘ஐ ஆம் இன்னார்’ என்று பெயர் சொல்லக் கற்றுக்கொண்டதன் விளைவு இது. அதனால் ‘நான் பார்த்தேன்’ என்று நினைத்தால் ‘ஐ ஆம்’ தானாக வந்து அதன் பின்னால் ‘செக்’ ஒட்டிக்கொள்கிறது. அண்ணாவின் தாளில் இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நாலாவது வரி சாட்சி. ‘ஐ ஆம் இன்ஃபார்ம்டு’ என்பது ஆங்கிலத்தில் இலக்கணப்படி சரியான ஒரு தொடர். ஆனால் அதற்கு அர்த்தம், ‘எனக்குத் தகவல் சொல்லப்பட்டது’. சீல் உடைந்த கன்டெய்னர் பற்றிய ரிப்போர்ட்டில் யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதே தலைகீழாகிவிட்டது. நாளைக்குச் சரக்கு குறைந்தது என்று பிரச்சினை வந்தால், சூப்பர்வைசருக்கு அண்ணா சொன்னாரா, அண்ணாவுக்கு யாரோ சொன்னார்களா என்பதில்தான் வேலையே தொங்கும். இதை விளக்கியபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இத்தினி நாளா மெயில்ல இப்டித்தானே மிஸ் எய்திக்கினு இருந்தேன்.”

இதற்கு வைத்தியம் ஒரே ஒரு கேள்வி. எழுத நினைக்கும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப்பார்க்க வேண்டும். அதில் ஒரு செயல் இருக்கிறதா? ‘நான் டேலி கிளார்க்’, ‘நான் கேட்டில் இருந்தேன்’ - செயல் இல்லை. அங்கே ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் வேண்டும். ‘பார்த்தேன்’, ‘சொன்னேன்’, ‘எண்ணினேன்’ - செயல் இருக்கிறது. அங்கே ‘ஐ’ மட்டும் போதும்: ‘ஐ செக்டு’, ‘ஐ டோல்டு’, ‘ஐ கவுன்ட்டடு’. முதல் வாரம் முழுக்க வேறு எதையும் தொடவில்லை. டேலி வேலையில் செய்யும் செயல்களைத் தமிழில் நான் சொல்வேன், அவர் ஆங்கிலத்தில் ‘ஆம்’ இல்லாமல் சொல்ல வேண்டும். ‘ஐ’ சொன்னதும் வாய் ‘ஆம்’ பக்கம் போவதும் அவர் அதைப் பிடித்து நிறுத்துவதும் முகத்திலேயே தெரியும். இதை எழுத வைத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் சரியாகியிருக்காது என்று நினைக்கிறேன். பழக்கம் வாயில் இருக்கிறது, அங்கேதான் பிடிக்க வேண்டும்.

நடுவில் இன்னொன்று கண்ணில் பட்டது. அச்சடித்த பயிற்சித்தாளை அவர் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்து. யார்டில் கன்டெய்னர் நம்பர் பெரிய எழுத்தில் இருப்பதால் அவருக்கே தெரியவில்லை. படிக்கும் கண்ணாடி போட்ட பிறகு, சொல்லின் கடைசியில் வரும் ‘எஸ்’ஸையும் ‘இடி’யையும் விட்டுப் படிப்பது பாதியாகக் குறைந்தது. பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இலக்கணத்தைச் சந்தேகிக்கும் முன் கண்ணைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து வந்தது கேஸின் நடுப்பகுதி. ஒருநாள் சும்மா கேட்டேன்: “பள்ளிக்கூடத்துல வெர்ப் ஃபார்ம்ஸ் சொல்லிக்கொடுத்திருப்பாங்களே, ஏதாவது ஞாபகம் இருக்கா அண்ணா?” அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். “கோ வென்ட் கான். கம் கேம் கம். பிரேக் ப்ரோக் ப்ரோக்கன். டேக் டுக் டேக்கன். கிவ் கேவ் கிவன்…” நிற்கவே இல்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் வகுப்பில் கோரஸாகச் சொன்னது அப்படியே இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டியல் வராது.

பட்டியல் இருக்கிறது, அதில் மூன்றாவதாக வரும் வடிவம் எங்கே உதவும் என்பது தெரியவில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் ‘ஆக்டிவ் வாய்ஸ் - பேசிவ் வாய்ஸ்’ என்ற தனிப் பாடத்துக்குள் புதைந்திருக்கும். எனக்குப் பள்ளி இலக்கணத்தின் மேல் இருக்கும் பெரிய குறை இதுதான். டென்ஸ் ஒரு பாடம், வாய்ஸ் ஒரு பாடம், கேள்வி ஒரு பாடம், எதிர்மறை ஒரு பாடம் என்று பிரித்துவிடுகிறார்கள். நாலுக்கும் அடியில் ஓடுவது ஒரே விதி என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது.

அந்த விதியை ஒரு அட்டையில் எழுதிக்கொடுத்தேன். டூ, டஸ், டிட் வந்தால் அடுத்த வினை முதல் வடிவத்தில் நிற்கும். கேன், வில், மஸ்ட், ஷுட் வந்தாலும் முதல் வடிவம். ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாம் வடிவம். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் வந்தால் இரண்டு வழி: செயல் நடந்துகொண்டிருந்தால் ‘இங்’, செயல் அந்தப் பொருளின் மேல் நடந்திருந்தால் மூன்றாம் வடிவம். துணைவினை எதுவுமே இல்லாமல் வினை தனியாக நின்றால் மட்டும்தான் இரண்டாம் வடிவத்துக்கு வேலை. அவ்வளவுதான். அண்ணா அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முன்னாடி எந்த வண்டியோ அதுக்கேத்த கப்ளிங்தான் பின்னாடி மாட்டும், அதானே மிஸ்?” என்றார். அதேதான்.

அட்டையை வைத்துக்கொண்டு அவருடைய பழைய ஐந்து வரிக்குத் திரும்பினோம். ‘த சீல் இஸ் ப்ரோக்’ - இஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் வடிவம் நிற்க முடியாது. உடைந்தது சீல், அதனால் மூன்றாம் வடிவம்: ‘ப்ரோக்கன்’. நேற்று நடந்தது, அதனால் இஸ் மாறி வாஸ்: ‘த சீல் வாஸ் ப்ரோக்கன்’. காலம் மாறும்போது முன்னால் இருக்கும் துணைவினை மட்டும்தான் மாறுகிறது, பின்னால் இருப்பது அசையாது என்பதை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ‘டிரைவர் இஸ் டெல்’ - செயல் இருக்கிறது, நடந்து முடிந்தது, இஸ் வேண்டாம்: ‘த டிரைவர் டோல்டு மீ’.

‘ஹி டிட் நாட் கேம்’ என்ற கடைசி வரிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தோம். நடந்து முடிந்த விஷயம், அதனால் ‘கேம்’ என்றுதானே வரவேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். அவரிடம் தமிழில் கேட்டேன்: “அவர் வந்தார். இதுக்கு எதிர்மறை என்ன அண்ணா?” “வரலை.” “எழுதும்போது?” “வரவில்லை.” “அதுல ‘வந்தார்’ எங்கே போச்சு?” தமிழும் இதையேதான் செய்கிறது. ‘வந்தார்’ என்பதில் இருந்த இறந்தகாலமும் ‘ஆர்’ விகுதியும் உதிர்ந்து, மொட்டையாக ‘வர’ என்று நின்று, ‘இல்லை’யைச் சேர்த்துக்கொள்கிறது. ‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. ‘டிட் நாட் கேம்’ அந்த ‘வந்தவில்லை’ மாதிரிதான். ஒரு வித்தியாசம், ஆங்கிலத்தில் காலத்தை ‘டிட்’ வாங்கி வைத்துக்கொள்கிறது, தமிழ் அதை வாக்கியத்தின் சூழலுக்கு விட்டுவிடுகிறது. இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு ‘டிட் நாட்’டுக்குப் பின்னால் அவர் இறந்தகாலம் எழுதி நான் பார்க்கவில்லை. ‘டிட் யூ செக்?’, ‘டிட் த டிரைவர் சைன்?’ என்ற கேள்விகளும் அதே விதியில் தாமாக வந்துவிட்டன.

பயிற்சிக்குக் கடைப் புத்தகம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. டேலி ரிமார்க்ஸ் ஒவ்வொன்றையும் எடுத்து விரிக்க வைத்தேன். ‘ஒன் பேலட் ப்ரோக்கன்’ என்ற குறிப்பு முதலில் ‘ஒன் பேலட் வாஸ் ப்ரோக்கன்’ ஆகும். அப்புறம் கேள்வி: ‘வாஸ் த பேலட் ப்ரோக்கன்?’ அப்புறம் மறுப்பு: ‘த பேலட் வாஸ் நாட் ப்ரோக்கன்’. கடைசியில் செய்தவரை முன்னால் கொண்டுவந்து, ‘த ஃபோர்க்லிஃப்ட் ப்ரோக் த பேலட்’. இங்கே துணைவினை இல்லை, அதனால் இரண்டாம் வடிவம். ப்ரோக், ப்ரோக்கன் இரண்டும் எங்கே எங்கே என்பது இந்த ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும். அவருடைய வேலைக்குத் தேவையான ஒழுங்கற்ற வினைகள் முப்பதைத் தாண்டாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பைக்கை நிறுத்திவிட்டு அந்த வினைகளை எழுதிவைத்த அட்டையை எடுத்துப் பார்ப்பாராம். அந்த கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், முப்பது வினையையும் இரண்டு சுற்று சொல்லிவிடலாம்.

‘எஸ்’ விஷயம் சீக்கிரம் முடிந்தது. ‘டிரைவர்ஸ் கம்ஸ்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். பெயரில் ‘எஸ்’ வந்தால் பன்மை, எனவே வினையிலும் ‘எஸ்’ வந்தால் பன்மை என்பது அவர் கணக்கு. உண்மையில் வினையில் வரும் ‘எஸ்’ ஒருமைக்கு உரியது. ‘த டிரைவர் கம்ஸ்’, ‘த டிரைவர்ஸ் கம்’: பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம்தான் ‘எஸ்’ இருக்கும். ‘மென்’, ‘பீப்பிள்’ போல ‘எஸ்’ இல்லாமலே பன்மையாகும் சொற்களுக்கு இந்தக் குறுக்குவழி கை கொடுக்காது, ‘ஐ’, ‘யூ’ வந்தாலும் கொடுக்காது. அதையும் சேர்த்தே சொன்னேன்.

தேர்வில் நிச்சயம் வரும் என்று எதிர்பார்த்த ஒரு வகை, எவ்வளவு காலமாக என்ற வாக்கியம். அண்ணா எழுதியது: ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 18 இயர்ஸ்.’ சென்னையில் பாதி அலுவலகங்களில் இப்படித்தான் பேசுகிறார்கள், பேச்சில் யாரும் கண்டுகொள்வதில்லை. தேர்வில் மார்க் போகும். ‘பதினெட்டு வருஷமா வேலை செய்றேன்’ என்று தமிழில் நிகழ்காலம் வருவதால் ஆங்கிலத்திலும் நிகழ்காலத்தைப் போடுகிறோம். தொடக்கம் பழையது, இன்னும் முடியவில்லை என்றால் ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும். அங்கிருந்து அட்டை பார்த்துக்கொள்ளும். ஹேவ் வந்தது, அடுத்தது மூன்றாம் வடிவம், ‘பி’யின் மூன்றாம் வடிவம் ‘பீன்’. பீன் என்பது ‘பி’ குடும்பம், நடந்துகொண்டிருக்கும் செயல், அடுத்தது ‘இங்’. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.’ நீளமான டென்ஸ் பெயர் ஒன்றையும் சொல்லாமல், இரண்டு கப்ளிங்கை மாட்டி அவரே அங்கே வந்து சேர்ந்தார்.

சின்ஸ், ஃபார் இரண்டையும் பிரிக்கத் தமிழே போதுமானதாக இருந்தது. தமிழில் ‘2006-லிருந்து’ என்றால் ‘சின்ஸ் 2006’. ‘18 வருஷமா’ என்றால் ‘ஃபார் 18 இயர்ஸ்’. ‘இருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆக’ என்ற முடிவு வந்தால் ஃபார். ‘காலையிலிருந்து’, ‘மூணு மணி நேரமா’ என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒருமுறைகூடச் சறுக்கவில்லை.

இதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு சரிவு வந்ததையும் சொல்லவேண்டும். ஆறாவது வாரம் வாக்கில் கோடிட்ட இடங்களை அநேகமாகப் பிழையில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தவர், ரிப்போர்ட் எழுதச் சொன்னபோது இப்படி எழுதினார்: ‘ஐ வாஸ் செக்டு த கன்டெய்னர். ஐ வாஸ் கவுன்ட்டடு த பேக்ஸ்.’ பழைய ‘ஐ ஆம்’தான், ‘ஐ வாஸ்’ என்ற வேஷத்தில் திரும்பி வந்திருந்தது. ‘த சீல் வாஸ் ப்ரோக்கன்’ என்று நிறையப் பழகியதால், நேற்று நடந்தது என்றாலே ‘வாஸ்’ என்று கை போய்விட்டது. அவர் இதைப் பார்த்து ரொம்பவே சோர்ந்துபோனார். புதிய விதி ஒன்று உள்ளே போகும்போது அது தன் எல்லையைத் தாண்டி வழிவது எல்லாரிடமும் நடக்கிற விஷயம், பின்னால் போனதாக அர்த்தமில்லை. ஆனால் தேர்வு அதுவரை காத்திருக்காதே.

இதில் கவனிக்க வேண்டியது, கோடிட்ட இடத்தில் நன்றாக வருகிறது என்பதை வைத்து ரிப்போர்ட்டைக் கணிக்க முடியாது. கோடிட்ட இடத்தில் கேள்வியே ‘இங்கே பார்’ என்று விரலை நீட்டுகிறது. ரிப்போர்ட் எழுதும்போது யார் எப்போது எதைச் செய்தார்கள் என்பதில் மனசு இருக்கும். இலக்கணத்துக்கு மிச்சமாகும் கவனம் கொஞ்சம்தான். அதனால் எழுதுவதையும் திருத்துவதையும் பிரித்தோம். எழுதும்போது இலக்கணத்தை நினைக்கவே கூடாது. விஷயம் முழுசாக இறங்கட்டும். கடைசி ஐந்து நிமிஷம் தனியாக வைத்து, எழுதியதில் இருக்கும் துணைவினைகளை மட்டும் பென்சிலால் வட்டம் போட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அடுத்த சொல்லைப் பார்த்து அட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ‘ஐ வாஸ் செக்டு’ என்று வந்தால், செக் பண்ணப்பட்டது நானா கன்டெய்னரா என்று ஒரு கேள்வி. நான் இல்லை என்றால் வாஸை அடி. வேறு எதையும் அந்த ஐந்து நிமிஷத்தில் தேடக்கூடாது.

இது அவருக்கு நன்றாக ஒத்துவந்தது. பட்டியலோடு சரக்கை ஒத்துப்பார்ப்பதுதானே அவர் தொழில். ஒரு பெட்டி குறைந்தால் கண்ணில் படாமல் போகாது. வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் தாளையும் அவரிடம் கொடுத்து வட்டம் போட வைத்தார்கள். அவர்களுடைய தப்பு அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது, தன்னுடையதைக் கண்டுபிடிக்கத்தான் கூடுதல் நேரம் ஆயிற்று. தான் எழுதியதைப் படிக்கும்போது தாளில் இருப்பதற்குப் பதில் மனசில் இருப்பதைப் படித்துவிடுகிறோம். அதற்கு ஒரு வழி, கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கித் திருத்திக்கொண்டு வருவது. கதை அறுந்துபோவதால் கண் சொல்லைப் பார்க்கும்.

சில விஷயங்களை வேண்டுமென்றே தொடவில்லை. ‘எ’, ‘த’ என்ற ஆர்ட்டிக்கிள் அதில் பெரிசு. அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் படிக்கவேண்டும், ஷிஃப்ட் மாறி மாறி வரும் ஒருவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ‘முதல் தடவை சொல்லும்போது எ, மறுபடி அதையே சொல்லும்போது த’ என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். முன்னிடைச் சொற்களில் ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்தோம். ‘சூப்பர்வைசருக்குச் சொன்னேன்’ என்ற ‘கு’வை நினைத்து ‘இன்ஃபார்ம்டு டு’ என்று எழுதுவது. இன்ஃபார்ம், டெல், ஆஸ்க், கால் இந்த நாலுக்கும் பின்னால் ‘டு’ இல்லாமல் ஆள் நேராக வருவார். ரிப்போர்ட், கம்ப்ளெயின் இவற்றுக்கு ‘டு’ வேண்டும். இவருடைய ரிப்போர்ட்டில் இந்த ஆறும்தான் திரும்பத் திரும்ப வரும்.

தேர்வில் ரிப்போர்ட்டுக்கு வந்த சம்பவம், இறக்கும்போது மழையில் சரக்கு நனைந்தது. அவர் வெளியே வந்ததும் நினைவிலிருந்து எழுதிக்காட்டிய சில வரிகள்: ‘அட் 10 பிஎம் வி ஓபன்டு த கன்டெய்னர். இட் வாஸ் ரெய்னிங். ட்வெல்வ் கார்ட்டன்ஸ் வேர் வெட் அண்ட் டூ கார்ட்டன்ஸ் வேர் டோர்ன். ஐ இன்ஃபார்ம்டு ஷிஃப்ட் இன்சார்ஜ். ஹி டிட் நாட் ஸ்டாப் வொர்க்.’ ‘ஷிஃப்ட் இன்சார்ஜ்’ முன்னால் ஒரு ‘த’ விட்டுப்போயிருக்கிறது. துணைவினைகள் ஒவ்வொன்றும் சரி. ‘வேர் வெட்’, ‘வேர் டோர்ன்’ இரண்டும் பதினெட்டு வருஷ ரிமார்க்ஸ் கட்டத்திலிருந்து நேராக வந்தவை, நடுவில் ‘வேர்’ மட்டும் புதுசு.

மதிப்பெண் வந்தது: கோடிட்ட இடத்துக்கு 17, ரிப்போர்ட்டுக்கு 13, வாக்கியத் திருத்தத்துக்கு 10. ஆக 40, பாஸ். திருத்தப் பகுதியில் போன மார்க் பெரும்பாலும் ஆர்ட்டிக்கிளும் முன்னிடைச் சொல்லும் கேட்ட இடங்களில்தான். நாங்கள் தொடாமல் விட்டதற்கான விலை அது, கணக்கு போட்டுத்தான் விட்டோம்.

இப்போது அவர் ஷிஃப்ட் இன்சார்ஜ், மெயில் எழுதும் வேலை கூடியிருக்கிறது. இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் வகுப்புக்கு வருகிறார், ‘த’வை ஆரம்பித்திருக்கிறோம். ‘அந்த’ என்று தமிழில் சொல்ல முடிகிற இடத்தில் எல்லாம் ‘த’ போட்டுப்பார்க்கிறார், பாதி இடத்தில் சரியாக வருகிறது. ‘கேட்டில் நிறுத்தினேன்’ என்பதில் தமிழுக்கு ‘அந்த’ தேவையில்லை, ஆங்கிலத்துக்கு ‘த கேட்’ வேண்டும். அந்த மாதிரி இடங்களை அவருடைய மெயில்களிலிருந்தே பொறுக்கிப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.